பக்திக் கவிஞர் வினாடி வினா: கேள்விகளுக்குத் தரம் பிரிப்பது எப்படி?

ஆழ்வார்களையும் நாயன்மார்களையும் வைத்து வினாடி வினா தயாரிக்க உட்காரும் ஆசிரியர் கையில் முதலில் வந்து விழுவது எண்ணிக்கைகள்தான். ஆழ்வார்கள் எத்தனை பேர், திருமுறைகள் எத்தனை, திருப்பாவையில் எத்தனை பாசுரம். இவற்றை எளிய கேள்விகள் என்று வைத்துக்கொண்டு, கடினமான கேள்வி வேண்டும் என்றதும் இன்னும் பெரிய எண்ணைத் தேடிப் போகிறோம்: நாச்சியார் திருமொழியில் எத்தனை பாசுரம்? 143 என்று ஒரு மாணவி சொல்கிறாள், கைதட்டு விழுகிறது. அந்த 143-இல் ஆண்டாள் என்ன பாடினாள் என்று அவளுக்குத் தெரியுமா என்பது கடைசிவரை தெரியாமலே போகிறது.

அரிதான தகவல் வேறு, கடினமான கேள்வி வேறு. விடையை எட்ட மாணவர் மனத்துக்குள் எத்தனை படி ஏற வேண்டியிருக்கிறது என்பதே தரம். பெயரைக் கேட்டதும் ஊர் நினைவுக்கு வந்தால் ஒரு படி. இரண்டு செய்திகளைச் சேர்த்தால்தான் விடை கிடைக்கும் என்றால் இரண்டு படி. பாட்டின் பொருளை நினைத்துப் பார்த்து, இன்னொரு பாட்டோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும் என்றால் மூன்று படி. இந்த அத்தியாயத்தில் வரும் கேள்விகள் எல்லாம் இந்த அளவுகோலில் பிரிக்கப்பட்டவை.

முதல் வேலை எல்லை கட்டுவது. பள்ளிப் போட்டிக்குப் பன்னிரு ஆழ்வார்கள், நால்வர், காரைக்கால் அம்மையார், திருமூலர், சேக்கிழார் போதும். அறுபத்து மூவர் முழுவதையும் எடுத்துக்கொண்டால், பாட்டு எதுவும் பாடாத அடியார்கள்தான் அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் வரலாறு கதைப் போட்டிக்கு ஏற்றது, கவிஞர் போட்டிக்கு அல்ல. கடைசிச் சுற்றில் தாயுமானவர், உமறுப் புலவர், குணங்குடி மஸ்தான் சாகிபு, எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் பக்திப் பாட்டு மரபு ஒரு சமயத்தோடு நின்றுவிடவில்லை என்பது மாணவருக்குத் தெரிய வேண்டும். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அது நியாயமும்கூட.

எல்லை கட்டியபின் ஒவ்வொரு கவிஞருக்கும் ஒரு தாளில் ஐந்து செய்தி எழுதுங்கள்: பெயரும் மறுபெயர்களும், ஊர், நூல், யார் குரலில் பாடுகிறார், எதைப் பாடுகிறார். நான்காவது செய்தியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பக்திக் கவிதையில் அதுவே பாதி விஷயம். பெரியாழ்வார் ஆணாக இருந்தும் யசோதையாகிப் பாடுகிறார். நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் தலைவியாகிறார்கள். சில இடங்களில் அந்தத் தலைவியைப் பெற்ற தாயாகவும் பேசுகிறார்கள். சுந்தரர் சிவபெருமானோடு தோழனாகப் பேசுகிறார், உரிமையோடு பொன்னும் நெல்லும் கேட்கிறார். காரைக்கால் அம்மையார் சுடுகாட்டுப் பேய்க் கூட்டத்தில் ஒருத்தியாகத் தம்மை வைத்துக்கொள்கிறார். 'யார் குரல்' என்ற வரி நிரம்பிவிட்டால் கருப்பொருள் கேள்விகள் தாமே வந்து சேரும்.

ஒரே கருப்பொருளை மூன்று தரத்துக்கும் ஏற்றிக் காட்டுகிறேன். தாய்மை என்ற பொருளை எடுத்துக்கொள்வோம்.

முதல் தரத்துக்கு இப்படி ஒரு கேள்வி எழுதத் தோன்றும்: "கண்ணனைக் குழந்தையாக எண்ணித் தாயின் நிலையில் பாடிய ஆழ்வார் யார்?" விடை பெரியாழ்வார் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். ஆனால் இந்தக் கேள்வியில் ஓட்டை இருக்கிறது. குலசேகராழ்வார் தேவகியின் நிலையில் கண்ணனைப் பாடியிருக்கிறார். திருமங்கையாழ்வாரும் யசோதையாகிப் பாடியிருக்கிறார். விவரம் தெரிந்த மாணவர் குலசேகரர் என்று சொன்னால் தவறு என்று சொல்ல நமக்கு வாயில்லை. கேள்வியை இறுக்க வேண்டும்: "தாலாட்டு, அம்புலி காட்டுதல், சப்பாணி கொட்டுதல், தளர்நடை என்று கண்ணனின் பிள்ளைப் பருவத்தைப் படிப்படியாகப் பாடி, பிற்காலப் பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று போற்றப்படும் ஆழ்வார் யார்?" இப்போது விடை ஒருவர்தான். கேள்வி நீண்டுவிட்டது என்று கவலை வேண்டாம். நீளம் மாணவருக்கு உதவியே தவிரச் சுமையல்ல. அம்புலியும் தளர்நடையும் வந்தவுடன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகூடப் பெரியாழ்வாரைப் பிடித்துவிடும்.

இரண்டாம் தரம்: "ஆழ்வார்களில் ஒருவர் கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடினார், மற்றொருவர் இராமனுக்குத் தாலாட்டுப் பாடினார். இருவரும் யார்?" விடை பெரியாழ்வார், குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியின் எட்டாம் திருமொழி கோசலை பாடும் தாலாட்டாக அமைந்தது. இங்கே மாணவர் ஒரே பொருளுக்குள் இரண்டு கவிஞரைப் பிரித்தறிய வேண்டும். இருவருக்கும் சேர்த்தே மதிப்பெண் என்று வைக்காதீர்கள். ஒருவரைச் சொன்னால் பாதி மதிப்பெண் கொடுங்கள்.

மூன்றாம் தரம்: "பெருமாள் திருமொழியில் ஒரு தாயின் புலம்பல் இருக்கிறது. அந்தத் தாய் யார்? பெரியாழ்வாரின் யசோதைப் பாட்டுகளோடு சேர்த்துப் பார்த்தால் அவள் எதை இழந்ததாகச் சொல்லலாம்?" தாய் தேவகி. பெற்றவள் அவள், ஆனால் மகன் வளர்ந்ததெல்லாம் ஆய்ப்பாடியில். தாலாட்டியதும் தவழ்ந்ததைப் பார்த்ததும் வெண்ணெய் தின்றதைக் கண்டதும் யசோதை. பெரியாழ்வார் எதையெல்லாம் பேறாகப் பாடினாரோ அதுவே தேவகிக்கு இழப்பாகிறது. இதை ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் சொந்தச் சொல்லில் சொல்லிவிட்டால் அவள் இரண்டு நூலையும் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறாள் என்று பொருள். இதற்கு 3 மதிப்பெண் வையுங்கள்: தேவகி என்ற பெயருக்கு 1, பெற்றும் வளர்க்கக் கிடைக்காத குறை என்று சொன்னால் 1, யசோதைக்குக் கிடைத்தது இவளுக்கு இல்லாமல் போயிற்று என்று இணைத்தால் 1. மதிப்பெண் பிரிவை விடைத்தாளில் முன்கூட்டியே எழுதி வைக்காமல் இத்தகைய கேள்வியை மேடையில் கேட்காதீர்கள். நடுவர் ஒவ்வோர் அணிக்கும் ஒவ்வொரு விதமாக மனம் இளகினால் போட்டி கெட்டுவிடும்.

அடுத்து, ஒரே பெயரில் இரண்டு பாட்டுகள். இந்தத் துறையில் சச்சரவு பிறக்கும் இடமே இதுதான். ஒரு போட்டியில் "திருப்பல்லாண்டு பாடியவர் யார்?" என்ற கேள்விக்கு ஒரு பையன் சேந்தனார் என்றான். நடத்தியவர் கையிலிருந்த தாளில் பெரியாழ்வார் என்று இருந்தது. தவறு என்று அறிவித்துக் கேள்வி அடுத்த அணிக்குப் போய்விட்டது. பையன் சொன்னது சரியான விடை. சேந்தனாரின் திருப்பல்லாண்டு ஒன்பதாம் திருமுறையில் இருக்கிறது. அவன் வீட்டில் அதைக் கேட்டு வளர்ந்தவனாக இருந்திருக்கலாம். கோளாறு முழுக்கக் கேள்வியில்தான்.

திருப்பள்ளியெழுச்சியும் அப்படித்தான். தொண்டரடிப்பொடியாழ்வார் அரங்கனுக்குப் பாடியது ஒன்று. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் பாடியது இன்னொன்று. திருவெழுகூற்றிருக்கை என்றால் திருஞானசம்பந்தர், திருமங்கையாழ்வார் இருவரும் வருவார்கள். பதினோராம் திருமுறையில் நக்கீரதேவர் பெயரிலும் ஒன்று உண்டு. பராபரக்கண்ணி தாயுமானவருக்கும் உண்டு, குணங்குடி மஸ்தான் சாகிபுக்கும் உண்டு. இவற்றை எளிய சுற்றில் தனியாகக் கேட்டால் கண்ணிவெடி. அதே செய்தியைத் திருப்பிப் போட்டால் அருமையான இரண்டாம் தரக் கேள்வி: "சைவத்திலும் வைணவத்திலும் ஒரே பெயரோடு, இறைவனைத் துயிலெழுப்பும் பாடல் தொகுதிகள் உண்டு. அந்தப் பெயர் என்ன? பாடிய இருவர் யார்?" பராபரக்கண்ணியைக் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சைவ ஞானியும் ஒரு சூஃபி ஞானியும் ஒரே விளிப்பில் இறைவனை அழைத்தார்கள் என்பதை அரங்கம் கேட்கும்போது மாணவர் முகத்தைப் பாருங்கள்.

குறிப்புக் கேள்வி என்று ஒரு வகை உண்டு: நான்கு குறிப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்வது, முதல் குறிப்பிலேயே கண்டுபிடித்தால் 4 மதிப்பெண், கடைசியில் கண்டுபிடித்தால் 1. இதில் குறிப்புகளின் வரிசைதான் தரத்தைத் தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த கதையை முதலில் சொல்லிவிட்டால் விளையாட்டு அங்கேயே முடிந்துவிடும். கருப்பொருள் முதலில், நூலும் தலமும் நடுவில், கதை கடைசியில் வர வேண்டும். காரைக்கால் அம்மையாரை வைத்துப் பாருங்கள். முதல் குறிப்பு: அழகு, இளமை என்று எதையும் வேண்டாமல், காட்டில் ஆடும் இறைவனைப் பேய் வடிவில் அருகிருந்து பாடிய கவிஞர். இரண்டாவது: இவர் பாடல்கள் பதினோராம் திருமுறையில் உள்ளன, அவற்றில் ஒன்று அந்தாதி. மூன்றாவது: பெரியபுராணம் சொல்லும்படி, இவர் கயிலைக்குக் காலால் நடக்காமல் தலையால் நடந்து போனார். நான்காவது: கணவர் அனுப்பிய இரண்டு மாம்பழங்கள் இவர் வாழ்வை மாற்றின. மாம்பழம் என்று சொன்னதும் நான்கு அணியும் மணியை அழுத்தும். அதனால்தான் அதற்கு 1 மதிப்பெண்.

மூன்றாவது குறிப்பில் 'பெரியபுராணம் சொல்லும்படி' என்று சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அற்புத நிகழ்ச்சி வரும் எல்லாக் கேள்விக்கும் இந்த முன்சொல் தேவை. நம்பிக்கை உள்ள பிள்ளைக்கும், வேறு சமயத்துப் பிள்ளைக்கும் அப்போது கேள்வி ஒன்றாகிவிடுகிறது: நூலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எதைக் கேட்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலம் கேட்காதீர்கள். மாணிக்கவாசகர் எந்த நூற்றாண்டு என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. முதலாழ்வார்களுக்கும் மரபு சொல்லும் காலம் வேறு, ஆய்வாளர் சொல்லும் காலம் வேறு. திவ்வியப் பிரபந்தத்தின் பாசுரக் கணக்கிலும் தொந்தரவு உண்டு; சிறிய திருமடலையும் பெரிய திருமடலையும் எப்படி எண்ணுவது என்பதில் மரபுக்கு மரபு வேறுபாடு இருக்கிறது. ஆண்டு கேட்டே ஆக வேண்டும் என்றால் அச்சு நூல்கள் பக்கம் வாருங்கள். ஜி. யு. போப்பின் திருவாசக ஆங்கில மொழிபெயர்ப்பு வெளியான ஆண்டு 1900. இதில் யாரும் வாதாட முடியாது.

விடைத்தாளில் மறுபெயர்கள் எல்லாம் இருக்கட்டும். அப்பர், திருநாவுக்கரசர், வாகீசர் மூன்றும் ஒருவரே. மருள்நீக்கியார் என்று பிள்ளை சொன்னாலும் சரிதான். பெற்றோர் வைத்த பெயர் அது. கோதை என்றால் ஆண்டாள், சடகோபன் என்றால் நம்மாழ்வார், விப்ரநாராயணர் என்றால் தொண்டரடிப்பொடி, விஷ்ணுசித்தர் என்றால் பெரியாழ்வார். கேள்வி கேட்பவர் தமிழாசிரியராக இல்லாத பள்ளிகளில் இந்தப் பட்டியல் இல்லாமல் நல்ல விடைகள் அடிபட்டுப் போகின்றன.

வாசிக்கும்போது ஒரு சிக்கல். தமிழ் வாக்கியத்தில் 'யார்', 'எது' எல்லாம் கடைசியில்தான் வரும். மணி அடித்து விடை சொல்லும் சுற்றில் மாணவர் பாதியிலேயே அடித்துவிடுகிறார். கேட்டது ஊரா பேரா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் சிக்கல். அந்தச் சுற்றுக்கு மட்டும் கேட்கப்படுவதை முதலில் வையுங்கள்: "எந்த ஊரில், மழை பெய்த ஓர் இரவில், முதலாழ்வார்கள் மூவரும் ஓர் இடைகழியில் சந்தித்ததாக வைணவ மரபு சொல்கிறது?" திருக்கோவலூர் என்று எவ்வளவு சீக்கிரம் சொன்னாலும் குழப்பமில்லை.

நான்கு அணிகள், சுமார் முக்கால் மணி நேரம் என்றால் முதல் தரத்தில் 16, இரண்டாம் தரத்தில் 16, மூன்றாம் தரத்தில் 8 கேள்விகள் போதும். விடை சொல்ல முறையே 20 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம். அணிக்கு அணி கேள்விகள் சமமாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஒரே வரிசையில் நான்கு அணிக்கும் போகும் கேள்விகளை அடுத்தடுத்து எழுதி வாய்விட்டுப் படியுங்கள். ஓர் அணிக்குத் திருப்பாவையும் இன்னோர் அணிக்குத் திருவாசிரியமும் போனால் அது சமம் அல்ல. மார்கழியில் திருப்பாவை, திருவெம்பாவை ஒப்புவிக்கும் பழக்கம் உள்ள பள்ளி என்றால் அவ்விரண்டில் வரும் நேர்க்கேள்விகளை ஒரு படி கீழே இறக்கிக்கொள்ளுங்கள். தரம் கேள்வியிலே மட்டும் இல்லை, கேட்கப்படும் பிள்ளையிடமும் இருக்கிறது.

போட்டியில் சேராத ஐந்தாறு மாணவரை உட்காரவைத்து ஒருமுறை கேட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லோரும் சரியாகச் சொன்ன கேள்வியைக் கீழ்த்தரத்துக்கு மாற்றலாம். யாருக்குமே தெரியாததை உடனே தூக்கி எறிய வேண்டாம். மூன்றாம் தரத்தில் அதற்கு இடமிருக்கலாம். நன்றாகப் படிக்கும் இரண்டு மூன்று பேர் ஒரே 'தவறான' விடையைச் சொன்னால்தான் எச்சரிக்கை. அந்த விடை பெரும்பாலும் தவறாக இருக்காது. கேள்வி இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. மூலத்தைப் புரட்டிப் பாருங்கள், அப்படியே ஒரு பெரியாழ்வார்–குலசேகரர் சிக்கலோ, திருப்பல்லாண்டுச் சிக்கலோ அகப்படும்.

கையோடு பயன்படுத்தச் சில கேள்விகள்.

முதல் தரம்

கையில் உழவாரம் ஏந்திக் கோயில் வளாகங்களைத் திருத்தும் தொண்டு செய்த தேவார ஆசிரியர் யார்? (திருநாவுக்கரசர்)

குழந்தைப் பருவத்திலேயே சீர்காழியில் பாடத் தொடங்கியதாகப் பெரியபுராணம் சொல்லும் கவிஞர் யார்? (திருஞானசம்பந்தர்)

பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண் யார், அவர் ஊர் எது? (ஆண்டாள், ஸ்ரீவில்லிபுத்தூர்)

இரண்டாம் தரம்

'தம்பிரான் தோழர்' என்று பெயர் பெற்றவர் யார்? அடியார்களின் பெயர்களைத் தொகுத்து அவர் பாடிய பதிகம் எது? (சுந்தரர், திருத்தொண்டத்தொகை)

திருமாலைப் பாடுவதை விட்டுத் தம் குருவையே தெய்வமாகக் கொண்டு பாடிய ஆழ்வார் யார்? அந்தக் குரு யார்? (மதுரகவியாழ்வார், நம்மாழ்வார்)

அரங்கன் திருமேனியை அடியிலிருந்து மேல்நோக்கி அங்கம் அங்கமாகக் கண்டு பத்துப் பாசுரங்களில் பாடியவர் யார்? (திருப்பாணாழ்வார்)

நால்வரில் அறுபத்து மூவர் பட்டியலில் இடம்பெறாதவர் யார்? (மாணிக்கவாசகர். இதை எளிய கேள்வி என்று நினைக்காதீர்கள்; நால்வரும் நாயன்மார்தான் என்று பெரியவர்களே சொல்வதுண்டு.)

மூன்றாம் தரம்

திருப்பாவை, திருவெம்பாவை இரண்டிலும் அதிகாலையில் தோழியரை எழுப்பும் பெண்களின் குரல் கேட்கிறது. பாடியவர்களைப் பொறுத்து இக்குரலில் உள்ள வேறுபாடு என்ன? (ஆண்டாள் பெண்ணாக இருந்து, ஆயர் சிறுமியருள் தம்மையும் ஒருத்தியாக்கிப் பாடுகிறார்; மாணிக்கவாசகர் ஆணாக இருந்து பெண்களின் குரலை ஏற்கிறார். கவிஞர் பெயர்களுக்கு 1, வேறுபாட்டுக்கு 2.)

தலைவி தன் காதலைச் சொல்லி அனுப்பும் தூதாக நாச்சியார் திருமொழியில் எவை வருகின்றன? நம்மாழ்வாரின் தலைவி பெரிதும் எவற்றைத் தூது விடுகிறாள்? (ஆண்டாள் குயிலையும் மேகத்தையும் விளிக்கிறார், நம்மாழ்வார் பாட்டில் பறவைகள். மேகத்தை நம்மாழ்வாருக்கும் சேர்த்துச் சொல்லும் மாணவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.)

பழைய அகமரபில் மடலேறுதல் யாருக்கு உரியது? திருமங்கையாழ்வார் தம் இரண்டு மடல்களில் அதை எப்படி மாற்றினார்? (மடலேறுதல் ஆணுக்கு மட்டும் உரியது, பெண்ணுக்கு இல்லை என்று தொல்காப்பியம் விலக்குகிறது. ஆழ்வார் தலைவியின் குரலில் நின்று, அவளே மடலூர்வேன் என்று சொல்வதாகப் பாடினார். மரபைச் சொன்னால் 1, மாற்றத்தைச் சொன்னால் 1, பக்தியின் வேகத்தில் தலைவி மரபின் வேலியைத் தாண்டுகிறாள் என்று காரணமும் சொன்னால் இன்னும் 1.)